வீட்ல போட்ட ஹேர் டை கன்னங்கரேல்னு, திட்டுத்திட்டா வந்துட்டா எப்படி சரி பண்றது

டை அலசி, தலைய காய வெச்சு கண்ணாடிய பாத்தா நுனியெல்லாம் அட்டைக் கருப்பு, உச்சில மட்டும் செம்பட்டை, பின்னாடி அங்கங்க நரை அப்படியே தெரியுதுன்னா உடனே தோண்றது என்னன்னா, இன்னொரு பாக்கெட் வாங்கி மேல அடிச்சிடலாம்ங்கிறதுதான். தயவுசெஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க, இந்த கட்டுரைய முழுசா படிச்சிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. ஏன்னா கருப்பா ஆனது ஒரு பிரச்சனை, திட்டு இன்னொரு பிரச்சனை, ரெண்டுக்கும் மருந்து வேற வேற, செய்யற வரிசையும் முக்கியம்: முதல்ல கருப்ப இறக்கணும், அதுக்கப்புறம்தான் திட்ட நிரப்பணும். மாத்தி செஞ்சா ரெண்டு வேலையும் வீணாயிடும்.

நான் இங்க பேசறது ரெண்டு பொருள கலந்து போடற பெர்மனென்ட் டை பத்தி. ஒரு ட்யூப்ல க்ரீம், ஒரு பாட்டில்ல டெவலப்பர்னு வருமே அது. பொடிய தண்ணில கரைச்சு போடற டை, மருதாணி, கலர் ஷாம்பு இதெல்லாம் வேற கதை, அதுல எது இதோட ஒத்துப்போகும் எது ஒத்துப்போகாதுன்னு நடுவுல சொல்றேன்.

முதல்ல, ஏன் கருப்பு மேல லைட் கலர் வேலை செய்யாதுன்னு புரிஞ்சுக்கோங்க

பெர்மனென்ட் டைல இருக்கற அமோனியாவோ அது மாதிரி வேற ஒண்ணோ முடியோட மேல் செதில திறந்து விடும், நிறம் இல்லாத சின்னச் சின்ன மூலப்பொருள் உள்ள போகும், டெவலப்பர்ல இருக்கற ஹைட்ரஜன் பெராக்சைடு அதுகள ஒண்ணோட ஒண்ணு சேத்து பெரிய நிற மூலக்கூறா மாத்திடும். கட்டில பாகம் பாகமா ரூமுக்குள்ள கொண்டு போய் உள்ளயே மாட்டினா அப்புறம் வாசல் வழியா வெளிய எடுக்க முடியாதில்ல, அதே கதைதான். அதனாலதான் எத்தன தடவ ஷாம்பு போட்டாலும் முழுசா போகாது.

இப்ப இது மேல லைட் பிரவுன் வாங்கி அடிச்சா என்ன ஆகும்? அந்த டைல இருக்கற பெராக்சைடு உங்களோட இயற்கையான நிறத்த கொஞ்சம் வெளுக்கும், ஆனா முன்னாடி போட்ட செயற்கை நிறத்த அவ்வளவா தொடாது. ஆக, டை படாத வேர் பக்கம் இன்னும் வெளுத்து செம்பட்டையாகும், நுனி இருந்த கருப்புலயே இருக்கும், இல்ல இன்னும் கருக்கும். முன்னாடி இருந்த வித்தியாசம் இப்ப ரெண்டு மடங்கு. அழகுக்கலை படிக்கறவங்களுக்கு ஆரம்பத்துலயே சொல்லிக் குடுக்கற விஷயம் இது, டை டைய வெளுக்காது.

அன்னிக்கே அவசரப்படாதீங்க, பகல் வெளிச்சத்துல பாருங்க

ஈர முடி எப்பவும் ரெண்டு ஷேட் கருப்பாத்தான் தெரியும். பாத்ரூம் லைட்ல பாக்கறதும் ஏமாத்தும். புதுசா போட்ட நிறம் முதல் ரெண்டு மூணு அலசல்ல கொஞ்சம் இறங்கும், அதனால முதல் நாள் தெரியற கருப்ப இறுதி நிறம்னு எடுத்துக்காதீங்க. முடிய நல்லா காயவிட்டு, ஜன்னல் பக்கம் நின்னு, ஒரு கண்ணாடி முன்னாடியும் ஒரு கைக்கண்ணாடி பின்னாடியும் வெச்சுப் பாருங்க, இல்லன்னா யாரையாவது நாலு பக்கமும் போட்டோ எடுக்கச் சொல்லுங்க. பின்னந்தலைய பாக்காம திருத்தம் ஆரம்பிச்சவங்கதான் மறுபடி மறுபடி மாட்டிக்கறாங்க.

பாக்கும்போது மூணு இடத்த தனித்தனியா கவனிங்க. ஒண்ணு, வேர்லேர்ந்து ஒரு அங்குலம். அங்க செம்பட்டையா, பளிச்சுன்னு தெரிஞ்சா அது தலைச்சூடு செஞ்ச வேலை, தலைத்தோல் சூட்டுல டெவலப்பர் வேகமா வேலை செஞ்சு புது முடிய கூடுதலா வெளுத்துடுச்சு. ரெண்டு, நடு நீளமும் நுனியும். அங்க கருப்புன்னா அது பழைய டை மேல புது டை ஏறி ஏறி சேந்தது, போதாததுக்கு நுனி முடி வறண்டு உறிஞ்சும் தன்மையோட இருக்கறதால ஒரே அளவு டை போட்டாலும் அது அதிகமா குடிக்கும். மூணு, நரை விட்டுப்போன இடம். இது பெரும்பாலும் காதோரம், நெத்தி ஓரம், பிடரி. அந்த எடத்து நரை முரட்டு முடியா இருக்கும், சீக்கிரம் நிறம் பிடிக்காது, இல்லன்னா அங்க டை போதுமான அளவு படவே இல்ல. நரை பட்டையா, நேர் கோடா தெரிஞ்சா அது டை படாத இடம், மத்த முடியோட கலந்து வெளிறிப்போய் தெரிஞ்சா அது பிடிக்காத இடம்னு வெச்சுக்கலாம்.

சித்தி தலை

எங்க சித்திக்கு இப்படி ஆனத வெச்சே சொல்றேன், ஏன்னா அவங்க தலைல மேல சொன்ன மூணும் ஒண்ணா இருந்துச்சு. இயற்கையா அடர் பழுப்பு முடி, தோள் வரைக்கும் நீளம், ரொம்ப அடர்த்தி, முன்னாடியும் காதோரமும் நரை. வழக்கமா வீட்லயே 4ஆம் நம்பர் டை போடுவாங்க, ஒவ்வொரு தடவையும் வேர்லேர்ந்து நுனி வரைக்கும் முழுசா. இந்த தடவ கொஞ்சம் லைட்டா இருக்கட்டும்னு 5ஆம் நம்பர் வாங்கி, அந்த அடர்த்திக்கு ஒரே ஒரு பாக்கெட்ட இழுத்து இழுத்து போட்டிருக்காங்க. வந்தது என்னன்னா வேர் பக்கம் செம்பழுப்பு, காதுக்கு கீழேர்ந்து நுனி வரைக்கும் மை மாதிரி கருப்பு, பின்னந்தலைல விரல் அகலத்துக்கு ரெண்டு நரைப் பட்டை.

நம்பர் பத்தி ஒரு வார்த்தை. பாக்கெட்ல இருக்கற முதல் நம்பர் எவ்வளவு கருப்பு எவ்வளவு வெளுப்புன்னு சொல்லும், 1 கருப்பு, 10 ரொம்ப வெளுத்த பொன்னிறம். புள்ளிக்கு அப்புறம் வர்றது சாயல், பெரும்பாலான பிராண்ட்ல .1ன்னா சாம்பல் சாயல், .3ன்னா பொன் சாயல், .0ன்னா நடுநிலை. சாம்பல் சாயல் ஷேட் எல்லாம் அதே நம்பர்ல இருக்கற மத்ததவிட கண்ணுக்கு இன்னும் கருப்பாத் தெரியும். பாக்கெட் மேல இருக்கற பொண்ணோட முடிய பாத்து வாங்கறத விட இந்த நம்பர பாத்து வாங்கறதுதான் சரி.

சித்தி போன்ல கேட்டதும் அதேதான், “ஏண்டி, 6 வாங்கி மேல அடிச்சிட்டா சரியாயிடாதா?” வேணாம் சித்தி, மொதல்ல அந்த கருப்ப இறக்குவோம்னு சொல்லிட்டு, கீழ இருக்கற வரிசைல போனோம்.

படி 1: கைல இருக்கறத வெச்சு எவ்வளவு இறங்குதுன்னு பாருங்க

டை போட்டு ரெண்டு மூணு நாளுக்குள்ளன்னா இதுக்கு பலன் அதிகம். கிளாரிஃபையிங் ஷாம்புன்னு கேட்டு வாங்குங்க, எண்ணெய் பிசுக்கு எல்லாத்தையும் சுத்தமா எடுக்கற வகை, கலர் பண்ண முடிக்குன்னு போட்டிருக்கற ஷாம்பு இதுக்கு உதவாது. அது கிடைக்கலன்னா பொடுகு ஷாம்புவும் நிறத்த கொஞ்சம் இழுக்கும். வெதுவெதுப்பான தண்ணில, கருப்பா இருக்கற பகுதில மட்டும் நுரைக்கவிட்டு அஞ்சு நிமிஷம் வெச்சு அலசுங்க, ரெண்டு தடவ.

அதுக்கு அடுத்த கட்டம் வைட்டமின் சி. வெள்ளையா, சாயம் சுவை எதுவும் இல்லாத மாத்திரையா இருந்தா நல்லது, இல்லன்னா அஸ்கார்பிக் ஆசிட் பொடி. தோள் வரைக்கும் இருக்கற முடிக்கு 1000 மில்லிகிராம் மாத்திரை ஒரு பத்து பொடிச்சு, கொஞ்சம் சூடான தண்ணில கரைச்சு, அந்த ஷாம்புவோட குழைச்சு கருப்பு பகுதில தடவி, பிளாஸ்டிக் கவர் சுத்தி அரை மணிலேர்ந்து ஒரு மணி நேரம் வெச்சு அலசுங்க. இது அமிலம், தலைத்தோல்ல புண்ணோ கீறலோ இருந்தா எரியும், அதனால வேர்ல படவேண்டாம். முடிஞ்சதும் கண்டிஷனர் தாராளமா போடுங்க, ஏன்னா முடி சொரசொரன்னு ஆகியிருக்கும்.

இதுல எவ்வளவு எதிர்பாக்கலாம்? பாதி ஷேட், அதிர்ஷ்டம் இருந்தா ஒரு ஷேட். லேசா கருத்துப்போன முடிக்கு இதுவே போதும், இதோட நிறுத்திக்கலாம். பல மாசமா அடுக்கடுக்கா ஏறின கருப்புக்கு இது போதாது, சித்திக்கும் கருப்பு லேசா அசைஞ்சுதே தவிர போகல. ஒரு தடவ பண்ணிப் பாத்து மாத்தமே இல்லன்னா நாலு அஞ்சு தடவன்னு திரும்பத் திரும்ப பண்ணாதீங்க, முடி வறள்றதுதான் மிச்சம். பேக்கிங் சோடா, பாத்திரம் கழுவற சோப்பு எல்லாம் சொல்லுவாங்க, அது முடியோட செதில சொரசொரப்பாக்கி விட்டுடும், அடுத்து போடற டை அங்கதான் இன்னும் திட்டா பிடிக்கும். துணி வெளுக்கற பிளீச்ச தலைப்பக்கமே கொண்டு போகாதீங்க, அது முடிய கரைச்சுடும், தோலையும் கண்ணையும் பொசுக்கிடும்.

படி 2: கலர் ரிமூவர்

இதுதான் உண்மையான வேலை. ஹேர் கலர் ரிமூவர்னு ரெண்டு பாட்டில் இருக்கற கிட் கிடைக்கும். வாங்கும்போது பிளீச் இல்லாத, பெராக்சைடு இல்லாத வகையான்னு படிச்சுப் பாருங்க. இது கந்தகம் சேந்த ஒரு வேதிப்பொருள வெச்சு, முன்னாடி சொன்ன பெரிய நிற மூலக்கூற மறுபடி சின்னதாக்கி விடும், கட்டில கழட்டற மாதிரின்னு வெச்சுக்கோங்க, அப்புறம் தண்ணில அலசும்போது அது வெளிய வரும். அழுகின முட்டை வாடை வீசும், ஜன்னல திறந்து வெச்சுக்கோங்க, வாடை சில அலசல் வரைக்கும் இருக்கும், ஈரமாகும்போதெல்லாம் லேசா வரும், பயப்பட வேண்டியதில்ல.

ரெண்டு விஷயம் முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க. ஒண்ணு, இது டைய எடுக்கும், ஆனா பழைய இயற்கை நிறத்த திருப்பிக் குடுக்காது. ஒவ்வொரு தடவ டை போட்டப்பவும் டெவலப்பர் உங்க சொந்த நிறத்த கொஞ்சம் வெளுத்து வெச்சிருக்கும், டை போனதும் அந்த வெளுத்த செம்பட்டைதான் வெளிய தெரியும். அத பாத்து கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க, அது வந்தாத்தான் ரிமூவர் வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். ரெண்டு, மருதாணி நிறத்துலயும், டெவலப்பர் கலக்காம நேரா பூசற கலர்லயும் இது பெருசா வேலை செய்யாது.

முதல்ல ஒரு சோதனை. பிடரி பக்கம் உள்ள இருந்து, நல்லா கருத்த ஒரு சின்ன கீத்து முடி கத்தரிச்சு எடுங்க, இல்ல சீப்புல வந்தத சேத்து வெச்சுக்கோங்க. ரெண்டு பாட்டில்லேர்ந்தும் ஒரு ஸ்பூன் கலந்து, மிச்சத்த தனித்தனியா மூடி வெச்சிட்டு, அந்த கீத்துல தடவி கிட்ல சொன்ன நேரம் வைங்க. நிறம் இறங்கினா மேல போங்க. சூடாச்சுன்னா, புகையோ நுரையோ வந்துச்சுன்னா, பச்சையடிச்சா நிறுத்திடுங்க, முடில உலோக உப்பு இருக்கலாம். பொடி டை, கருப்பு மெஹந்தின்னு விக்கற கலவை, நாளாக நாளாக கருப்பாக்கற தைலம் இதுல எல்லாம் சிலதுல அது இருக்கும்.

தலைல போடும்போது முடி காஞ்சு இருக்கணும், எண்ணெய் இல்லாம இருக்கணும். நெத்திலேர்ந்து பிடரிக்கு ஒரு வகிடு, காதுலேர்ந்து காதுக்கு ஒரு வகிடு, ஆக நாலு பாகமா பிரிச்சு கிளிப் போடுங்க. கையுறை போட்டுக்கோங்க. கலந்ததும் உடனே வேலைய ஆரம்பிக்கணும், கலந்து வெச்சா வீரியம் குறைஞ்சுடும். ரொம்ப கருப்பா இருக்கற நுனில முதல்ல, அப்புறம் நடு நீளத்துல, வேர்ல போடவே வேண்டாம், அங்க ஏற்கனவே செம்பட்டை. சித்திக்கு காதுக்கு கீழதான் போட்டோம், மேல இருந்த ஒரு அங்குலத்துல படக்கூடாதுன்னு அங்க கண்டிஷனர் பூசி வெச்சோம். பிளாஸ்டிக் கவர் சுத்தி, கிட்ல சொன்ன நேரம், அது பிராண்டுக்கு பிராண்ட் மாறும்.

இப்ப ரொம்ப முக்கியமான இடம், அலசறது. முக்கால்வாசி பேர் இங்கதான் கோட்டை விடறாங்க. சின்னதாக்கின நிறம் இன்னும் முடிக்குள்ளதான் இருக்கு, அது தண்ணியோட வெளிய வரணும், வரலன்னா காத்துல இருக்கற ஆக்சிஜன் பட்டு மறுபடி சேந்து, ரெண்டு நாள்ல பழையபடி கருத்துடும். அதனால வெதுவெதுப்பான தண்ணில, விரல விட்டு பிரிச்சு பிரிச்சு, கிட்ல எத்தன நிமிஷம் போட்டிருக்கோ அத்தனை நிமிஷம், கடிகாரம் வெச்சு அலசுங்க. பத்து இருபது நிமிஷம் கூட கேப்பாங்க, போதும்னு தோணினாலும் நிறுத்தாதீங்க. நடுவுல ஷாம்பு போடச் சொன்னா போடுங்க. கிட்ல கடைசியா போட ஒரு பாட்டில் இருந்தா அத விடாதீங்க.

நல்லா அலசியாச்சான்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. உள்பக்கத்து ஒரு கீத்து முடில மட்டும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கொஞ்சம் பஞ்சுல நனைச்சு தடவி அஞ்சு பத்து நிமிஷம் பாருங்க. அந்த கீத்து கருத்தா இன்னும் நிறம் உள்ள இருக்குன்னு அர்த்தம், அத நல்லா கழுவிட்டு மொத்த தலையையும் இன்னும் அலசணும். கருக்கலன்னா சரி. சித்திக்கு முதல் தடவ பாத்தப்ப கருத்துச்சு, மறுபடி அலசினதுக்கப்புறம்தான் நின்னுச்சு.

காஞ்சதுக்கு அப்புறம் சித்தியோட நுனி செம்பழுப்பா ஆச்சு, காது பக்கம் இருந்த கோடு மங்கிடுச்சு, ரொம்ப நுனில ஒரு ரெண்டு அங்குலம் மட்டும் இன்னும் கொஞ்சம் கருப்பு மிச்சம். அத அப்படியே விட்டுட்டோம், அது வெட்டும்போது போற முடி. எல்லாத்தையும் வேதிப்பொருள வெச்சே தீக்கணும்னு இல்ல, ரெண்டு அங்குலம் டிரிம் பண்ணா முடியற விஷயத்துக்கு இன்னொரு ரவுண்டு ரிமூவர் தேவையே இல்லன்னு நான் நினைக்கிறேன்.

படி 3: காத்திருங்க, முடிய சோதிங்க

ரிமூவர் போட்ட அன்னிக்கே டெவலப்பர் கலந்த டை போட்டா, உள்ள மிச்சம் இருக்கற நிறம் பெராக்சைடு பட்டதும் பட்டுனு கருத்துடும், பழைய குருடி கதவைத் திறடிதான். ஒரு வாரம் பத்து நாள் பொறுங்க, நடுவுல ரெண்டு மூணு தடவ அலசுங்க. அதுக்குள்ள ஏதாவது விசேஷம் இருக்கு, இந்த செம்பட்டையோட போக முடியாதுன்னா, டெவலப்பரே கலக்காத செமி பெர்மனென்ட் கலர பூசிக்கலாம், அதுல பெராக்சைடு இல்லாததால பழைய நிறத்த கிளப்பாது.

இந்த இடைவெளில முடியோட பலத்த பாத்துக்கோங்க. ஈரமா இருக்கற ஒரு ஒத்த முடிய ரெண்டு விரலுக்கு நடுவுல பிடிச்சு மெதுவா இழுங்க. கொஞ்சம் நீண்டு, விட்டதும் பழையபடி சுருங்கினா நல்லா இருக்கு. இழுக்க இழுக்க நீண்டுக்கிட்டே போய் திரும்பாம தொங்கினா, இல்ல டக்குனு அறுந்தா, இப்போதைக்கு டெவலப்பர் பிளீச் எதுவும் கூடாது, சில வாரம் கண்டிஷனர் மாஸ்க் மட்டும்.

இதே நேரத்துல அலர்ஜி சோதனையும் முடிச்சிடுங்க. அடுத்து போடப்போற டைய காதுக்கு பின்னாடியோ முழங்கை மடிப்புலயோ பாக்கெட்ல சொன்னபடி தடவி 48 மணி நேரம் பாக்கணும். இத்தன வருஷமா போடறேன், எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லாதீங்க, டைல இருக்கற பிபிடி மாதிரி பொருளுக்கு அலர்ஜி எப்ப வேணா புதுசா வரலாம், திரும்பத் திரும்ப போடறதே அதுக்கு ஒரு காரணம். அரிப்பு, சிவப்பு, கொப்புளம் வந்தா அந்த டைய போடாதீங்க. தலைல போட்டப்பறம் எரிச்சல் தாங்கலன்னா உடனே அலசிடுங்க, முகமோ கண்ணோ வீங்கினா, மூச்சு விட சிரமமா இருந்தா நேரா ஆஸ்பத்திரி.

படி 4: திட்ட நிரப்பறது

இப்பதான் டை. ஆனா ஒரே கலவைய மொத்த தலைக்கும் ஊத்தக்கூடாது, ஏன்னா தலைல இப்ப மூணு வகை முடி இருக்கு: நரை, செம்பட்டை வேர், ரிமூவர் பட்ட உறிஞ்சற முடி. சித்திக்கு ரெண்டு கிண்ணத்துல ரெண்டு கலவை எடுத்தோம்.

முதல் கிண்ணம் நரைக்கு. 5.0, அதாவது நடுநிலை சாயல் பெர்மனென்ட் டை, அதோட 20 வால்யூம் டெவலப்பர், அதாவது 6 சதவீத பெராக்சைடு. நரைய முழுசா மூட நடுநிலை ஷேட் வேணும், வெறும் சாம்பலோ வெறும் சிவப்போ போட்டா நரை மேல கண்ணாடி மாதிரி படிஞ்சு வெளிறித் தெரியும். பின்னந்தலை ரெண்டு பட்டை, காதோரம், நெத்தி ஓரம் இங்க மட்டும், முரட்டு நரை இருக்கற இடத்துல முதல்ல, கொஞ்சம் தடிமனாவே வெச்சோம். வகிடு எடுக்கும்போது அரை செண்டிமீட்டர்தான் எடுக்கணும், அந்தப் பக்கம் விரல் நிழலா தெரியணும், அதவிட தடிச்சா நடுவுல டை போகாது, மறுபடி திட்டு. நேரம் பாக்கெட்ல சொன்னதுதான், நரைக்கு வழக்கமா அதிகபட்ச நேரம் முழுசா தேவைப்படும், சீக்கிரம் அலசறதாலதான் நரை விட்டுப்போகுது.

ரெண்டாவது கிண்ணம் மத்த முடிக்கு. இதுக்கு டெமி பெர்மனென்ட், அதோடயே வர்ற வீரியம் கம்மியான டெவலப்பர். இது முடிய பெருசா வெளுக்காது, நிறத்த மட்டும் சேக்கும், நாளாக நாளாக தானா மங்கும், அதனால தப்பானாலும் சேதம் கம்மி. ஷேட் 6.1, ஏன் 5 எடுக்கலன்னா ரிமூவர் பட்ட முடி நிறத்த லபக்குனு குடிக்கும், வேணுங்கற நிறத்தவிட ஒண்ணு ரெண்டு நம்பர் லைட்டா எடுத்தாத்தான் வேணுங்கறது வரும். 5 வேணும்னு 5 எடுத்தவங்களுக்கு 4 வரும், மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். சாம்பல் சாயல் எதுக்குன்னா செம்பட்டைய அடக்க. ஆரஞ்சடிக்கறத நீலம் அமத்தும், மஞ்சளடிக்கறத ஊதா அமத்தும், சாம்பல் ஷேட்ல பெரும்பாலும் இந்த நீலம் ஊதா பக்கம்தான் இருக்கும்.

நரைக்கு போட்ட டைக்கு இன்னும் ஒரு இருபது நிமிஷம் பாக்கி இருக்கும்போது ரெண்டாவது கலவைய செம்பட்டையான வேர்ல வெச்சோம், கடைசி பத்து நிமிஷத்துல நடு நீளத்துலயும் நுனிலயும். ஒவ்வொரு அஞ்சு நிமிஷத்துக்கும் ஒரு கீத்த டிஷ்யூல துடைச்சு நிறம் பாக்கணும், இத மட்டும் சோம்பேறித்தனம் படாம பண்ணுங்க, தலை மேல இருக்கற க்ரீம் கருப்பா தெரியறத வெச்சு முடிவெடுக்காதீங்க, துடைச்சுப் பாத்தாத்தான் முடி நிறம் தெரியும். சித்திக்கு நுனி ஏழெட்டு நிமிஷத்துலயே வந்துடுச்சு, அத மட்டும் முதல்ல ஈரத்துணியால துடைச்சு எடுத்துட்டு, மத்தது நேரம் முடிஞ்சதும் மொத்தமா அலசினோம்.

காஞ்சதும் பாத்தா நரைப் பட்டை மூடியிருந்துச்சு, வேருக்கும் நடுவுக்கும் கண்ணுக்கு உறுத்தற கோடு இல்ல, நுனி மட்டும் அரை ஷேட் கருப்பு. அது இயற்கையா இருக்கற மாதிரிதான் தெரியும், கண்ண உறுத்தறது நுனி வெளுத்து வேர் கருத்திருக்கறதோ, நடுவுல பட்டை விழறதோதான்.

உங்களுக்கு கருப்பு பிரச்சனையே இல்ல, வெறும் திட்டு மட்டும்தான்னா படி 1, 2 ரெண்டையும் விட்டுடுங்க. அதே டை, அதே நம்பர், விட்டுப்போன இடத்துல மட்டும் பிரஷ்ஷால வெச்சு, சுத்தி இருக்கற முடில படாம கண்டிஷனர் பூசி, முழு நேரம் வெச்சு அலசினா முடிஞ்சுது. ஒரு வாரம் பத்து நாள் இடைவெளி விட்டு பண்ணா தலைத்தோலுக்கு நல்லது. வேர் மட்டும் செம்பட்டைன்னா அந்த ஒரு அங்குலத்துக்கு மட்டும் சாம்பல் சாயல் டெமி, நடு நீளத்தோட நம்பர்லயே, பத்து பதினஞ்சு நிமிஷம்.

பிளீச் பாத் பத்தி

ரிமூவருக்கும் அசையாத கருப்புக்கு பிளீச் பொடி, 20 வால்யூம் டெவலப்பர், ஷாம்பு கலந்து ஈர முடில போட்டு நுரைக்க விடற முறை ஒண்ணு இருக்கு. வேலை செய்யும், ஆனா புதுசா செய்யறவங்க வீட்ல செய்யறத நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய டை ஒரு இடத்துல ஒரு அடுக்கும் இன்னொரு இடத்துல அஞ்சு அடுக்கும் இருக்கும், பிளீச் ஒரு இடத்துல ஆரஞ்சும் இன்னொரு இடத்துல கருப்புமா நிறுத்திடும், அந்த வித்தியாசத்த கண்ணால பாத்து நிமிஷத்துக்கு நிமிஷம் இடம் இடமா அலசத் தெரிஞ்சவங்க செய்யற வேலை அது.

அதே மாதிரி இடுப்பு வரைக்கும் நீளமா பல வருஷ கருப்பு ஏறியிருந்தா, மருதாணியோ உலோக உப்பு டையோ கலந்திருந்தா, முன்னாடி ஸ்ட்ரெயிட்டனிங் மாதிரி ஏதாவது கெமிக்கல் பண்ணியிருந்தா, இழுத்துப் பாத்த முடி அறுந்துச்சுன்னா பார்லர்ல கலர் கரெக்‌ஷன் தெரிஞ்சவங்ககிட்ட போயிடுங்க. போகும்போது காலி பாக்கெட்ட கைல எடுத்துட்டுப் போங்க, கடைசி ரெண்டு மூணு வருஷத்துல தலைல என்னெல்லாம் போட்டீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க. நீங்க ஒரு தடவ போட்ட மருதாணிய சொல்லாம விட்டா அவங்க போடற பிளீச் வேற மாதிரி வேலை செஞ்சுடும், இழப்பு உங்க முடிக்குத்தான். ஒரே நாள்ல கருப்புலேர்ந்து பொன்னிறத்துக்கு மாத்தித் தர்றேன்னு யாராவது சொன்னா அங்கேர்ந்து கிளம்பிடுங்க.

அடுத்த தடவ வேர் வெளுக்கும்போது

நரை திரும்ப எட்டிப்பாக்கும்போது டைய வேர்ல வளந்த புது முடிக்கு மட்டும் வைங்க, பழைய டை தொடங்கற கோட்டோட நிறுத்திடணும், நுனி வரைக்கும் சீப்பால இழுத்து விடாதீங்க. அந்த இழுப்புதான் ஒவ்வொரு மாசமும் ஒரு அடுக்கு ஏத்தி நுனிய மையாக்குது. நுனி மங்கியிருக்குன்னு தோணினா டெமிய கடைசி அஞ்சு நிமிஷம் மட்டும், அதுவும் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவ போதும். அடர்த்தியான முடின்னா ரெண்டு பாக்கெட் வாங்கி வெச்சுக்கோங்க, ரெண்டாவத தனி கிண்ணத்துல, முதல் கலவை தீர்ற சமயத்துல மட்டும் கலக்குங்க, கலந்து வெச்ச டை நேரமாக ஆக வீரியம் இழந்துடும், மிச்சத்த மூடி வெச்சு அடுத்த மாசம் போடவும் கூடாது. பின்னந்தலைலேர்ந்து ஆரம்பிக்காதீங்க, முரட்டு நரை எங்க இருக்கோ அங்கேர்ந்து ஆரம்பிங்க, நெத்தி ஓரத்துக்கும் காதுக்கும் முன்னாடியே கொஞ்சம் வாசலின் தடவிக்கோங்க, முடில படாம தோல்ல மட்டும், ஏன்னா வாசலின் பட்ட முடில டை ஏறாது, அங்கயே அடுத்த திட்டு விழுந்துடும்.